உதவி: ஃபார்வர்ட் நஷ்டம் மார்ச்சில், விற்பனை ஏப்ரலில். எப்படிச் சேர்ப்பது?

பனியன்_கணக்கு:
அவசரம், நாளைக்கு ஆடிட்டர் வர்றார். எக்ஸ்போர்ட் ஆர்டருக்காக 5 லட்சம் டாலர் ஃபார்வர்ட் விற்று வைத்திருக்கிறோம், 84.00க்கு, ஜூன் 30 முடிவு. மார்ச் 31க்கு பேங்க் கொடுத்த எம்.டி.எம்., அதாவது அன்றைய சந்தை மதிப்பு, 4,50,000 நஷ்டம். அதை லாப நட்டக் கணக்கில் போட்டுவிட்டோம். இப்போது ஆடிட்டர் விற்பனையை ஏப்ரலுக்குத் தள்ளச் சொல்கிறார். நஷ்டம் மட்டும் மார்ச்சில் தனியாக நிற்கிறது. விற்பனையோடு சேர்க்க டாலியில் என்ன என்ட்ரி?

பேரேடு:
என்ட்ரிக்கு முன்னால் நான்கு விஷயம் சொல்லுங்கள். கம்பெனியின் கணக்குத் தரம் இன்ட் ஏஎஸ்ஸா, பழைய ஏஎஸ்ஸா? ஹெட்ஜ் டாக்குமென்ட் இருக்கிறதா, இருந்தால் என்ன தேதி? விற்பனையை ஏன் ஏப்ரலுக்குத் தள்ளச் சொன்னார்? பணம் எப்போது வரும்?

கொங்கு_இறக்குமதி:
எங்களுக்கும் இதேதான் சார். ஜெர்மனியிலிருந்து மெஷின் வாங்க யூரோ ஃபார்வர்ட் எடுத்தோம். ஹெட்ஜ் லாப நஷ்டத்தை ஒதுக்கி வைத்த ரிசர்வில் இருந்ததை மெஷின் விலையோடு சேர்த்துவிட்டார்கள், தேய்மானத்தோடு போய்விடும். நீங்களும் சரக்கு விலையில் சேர்த்துவிடுங்கள்.

பேரேடு:
அது வாங்குகிறவருக்கு. மெஷின் ஒரு சொத்து, அதன் அடக்க விலையில் ரிசர்வ் போய் உட்காரலாம். இவர் ஹெட்ஜ் செய்தது விற்பனையை. விற்பனை கணக்கில் ஏறும் நாளில் ரிசர்விலிருந்து நேராக லாப நட்டத்துக்குத்தான் வர வேண்டும். ஸ்டாக் மதிப்பைத் தொடக் கூடாது.

வட்டிவிகிதம்:
முதலில் 80-125 சதவீத எஃபெக்டிவ்னெஸ் டெஸ்ட் போட்டீர்களா? அந்த வரம்புக்குள் வரவில்லை என்றால் ஹெட்ஜ் கணக்கே கிடையாது. என் அனுபவத்தில் எல்லாப் பிரச்சினைக்கும் வேர் இதுதான்.

முதல்_பக்கம்:
80-125 எல்லாம் பழைய 39ஆம் எண் தரத்தோடு போயிற்று நண்பரே. இன்ட் ஏஎஸ் 109இல் அந்த எல்லைக்கோடு இல்லை. அடிப்படையைப் படிக்காமல் இங்கே பதில் எழுதுவதை நான் பல முறை கண்டித்திருக்கிறேன். பொருளாதாரத் தொடர்பு இருக்கிறதா, கடன் அபாயம் மேலோங்குகிறதா, ஹெட்ஜ் விகிதம் சரியா, இவ்வளவுதான் பார்க்க வேண்டும்.

வட்டிவிகிதம்:
எல்லைக்கோடு போனது சரி. அதற்காக அளக்கவே வேண்டாம் என்று ஆகாது. எஃபெக்டிவ் இல்லாத பகுதியைக் கண்டுபிடித்து லாப நட்டத்துக்குக் கொண்டுபோகத்தானே வேண்டும்?

பனியன்_கணக்கு:
இன்ட் ஏஎஸ்தான், தாய்க் கம்பெனி லிஸ்டட். ஃபார்வர்ட் ஜனவரி 10. மெமோ ஜனவரி 12, எம்.டி. கையெழுத்து இருக்கு, கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ் என்று எழுதியிருக்கு. எஃப்.ஓ.பி. தூத்துக்குடி. இன்வாய்ஸ் மார்ச் 28, பில் ஆஃப் லேடிங் ஏப்ரல் 6. பணம் ஜூன் 30.

பேரேடு:
இப்போது புரிகிறது. இன்வாய்ஸ் தேதியை வைத்து மார்ச்சில் விற்பனை போட்டீர்கள். அது மார்ச் விற்பனை என்பதால் ஃபார்வர்ட் நஷ்டமும் லாப நட்டத்துக்குப் போனது. ஆனால் எஃப்.ஓ.பி.யில் சரக்கு கப்பலில் ஏறினால்தான் கட்டுப்பாடு கை மாறுகிறது, அது ஏப்ரல் 6. விற்பனை நகர்ந்தால் ஹெட்ஜும் நகர வேண்டும். ஆடிட்டர் ஒரு காலை நகர்த்தினார், நீங்கள் மற்றொன்றை நகர்த்தவில்லை. சிக்கல் அவ்வளவுதான்.

மார்ச் 31: ஜூன் 30க்கான ஃபார்வர்ட் ரேட் 84.90 இருந்திருக்க வேண்டும், 0.90 பெருக்கல் 5 லட்சம் உங்கள் 4,50,000க்குச் சரியாக வருகிறது. கேஷ் ஃப்ளோ ஹெட்ஜ் ரிசர்வைப் பற்று வைத்து, ஏற்கெனவே போட்ட அந்நியச் செலாவணி நஷ்டத்தை வரவு வையுங்கள். டெரிவேட்டிவ் பொறுப்பைத் தொட வேண்டாம், அது சரியாக நிற்கிறது. ரிசர்வின் மேல் ஒத்திவைத்த வரியும் போடுங்கள், 25.168 சதவீத விகிதம் என்றால் 1,13,256.

ஏப்ரல் 6: அன்றைய ஸ்பாட்டும், ஜூன் 30க்கான ஃபார்வர்ட் ரேட்டும் பேங்கில் கேட்டு வாங்குங்கள். ஸ்பாட் 84.60, ஃபார்வர்ட் 85.00 என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வில் இன்னும் 50,000 சேர்ந்து மொத்தம் 5,00,000. விற்பனை 4,23,00,000. அதே நாளில் ரிசர்வின் 5,00,000 விற்பனைக்கு எதிராக வருகிறது, நிகரம் 4,18,00,000.

பனியன்_கணக்கு:
டாலருக்கு 83.60தானே வருது? 84.00 லாக் பண்ணினோமே, 40 பைசா எங்கே?

பேரேடு:
நல்ல கேள்வி. ஏப்ரல் 6இல் ஸ்பாட்டுக்கும் ஃபார்வர்டுக்கும் நடுவே இருந்த பிரீமியம்தான் அது, ஜூன் வரைக்கும் சிறிது சிறிதாக வரும். விற்பனைக்குப் பிறகு கடனாளி பாக்கியை ஸ்பாட்டில் மறுமதிப்பிடுவீர்கள், ஃபார்வர்டும் லாப நட்டத்துக்கே போகும். ஜூன் 30 ஸ்பாட் 85.50 என்றால், கடனாளியில் 4,50,000 லாபம், ஃபார்வர்டில் ஏப்ரல் 6க்குப் பின் 2,50,000 நஷ்டம். நிகரம் 2,00,000 லாபம். 4,18,00,000உடன் கூட்டினால் 4,20,00,000, அதாவது 84.00. ஜூனில் ஸ்பாட் என்னவானாலும் அந்த 2,00,000 மாறாது. கடனாளியில் கூடுவது ஃபார்வர்டில் குறையும்.

ஒன்று கவனியுங்கள். விற்பனையைக் கஸ்டம்ஸ் அறிவித்த ரேட்டில் ஏற்றிவிட்டால் இந்தக் கணக்கு ஒட்டாது. ஜி.எஸ்.டி. இன்வாய்ஸுக்கு அந்த ரேட், புத்தகத்துக்கு அன்றைய ஸ்பாட். டாலியில் பலரும் ஒரே ரேட்டைப் போட்டுவிட்டுப் பிறகு வித்தியாசத்தைத் தேடுகிறார்கள்.

முதல்_பக்கம்:
ரிசர்விலிருந்து வருவதை விற்பனையில் கழிப்பது தவறு. அது அந்நியச் செலாவணி நஷ்டம், இதர செலவில்தான் காட்ட வேண்டும். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தின் வருமானம் இன்ட் ஏஎஸ் 115இன்படி தனியாக நிற்க வேண்டும்.

பேரேடு:
தனியாகத் தெரிய வேண்டும் என்பதில் மறுப்பில்லை. அதற்குக் குறிப்பில் இரண்டு வரியாகப் பிரித்தால் போதும்: ஒப்பந்த வருமானம் 4,23,00,000, ஹெட்ஜ் விளைவு கழித்தல் 5,00,000. விலையைப் பாதுகாக்கத்தான் ஹெட்ஜ். அதன் விளைவை இதர செலவில் ஒதுக்கினால் மொத்த லாப விகிதம் பொய் சொல்லும்.

முதல்_பக்கம்:
எந்த வரியில் போட வேண்டும் என்று 109 கட்டளையிடவில்லை. என் கருத்தில் மாற்றமில்லை.

பேரேடு:
கட்டளையிடவில்லைதான். கொள்கையாக எழுதி, எல்லா வருடமும் ஒரே மாதிரி செய்தால் ஆடிட்டர் ஏற்பார். பனியன்_கணக்கு, உங்கள் மெமோ ஜனவரி 12 என்பதால் 10க்கும் 12க்கும் இடைப்பட்ட இரண்டு நாள் மாற்றம் லாப நட்டத்திலேயே இருக்க வேண்டும், முன்தேதியிட வழியில்லை. சில ஆயிரமாக இருக்கும், ஆனாலும் ஆடிட்டர் கேட்பார். பேங்க் எம்.டி.எம். தற்கால மதிப்புக்குத் தள்ளுபடி செய்ததா என்றும் பாருங்கள்.

வட்டிவிகிதம்:
வரிக்கு?

பேரேடு:
எதிர்பார்க்கும் விற்பனைக்கான ஃபார்வர்ட் என்றால் வருமான வரிக்கான கணக்குத் தரம் ஐசிடிஎஸ் 6இன்படி செட்டில்மென்டில்தான். மார்ச் எம்.டி.எம்.மைக் கழிக்க முடியாது.

பனியன்_கணக்கு:
ஆடிட்டர் ரிசர்வ் என்ட்ரியை ஏற்றுக்கொண்டார். நன்றி. ஆனா கப்பலில் போனது 4,80,000 டாலர்தான், கொஞ்சம் பீஸ் ரிஜெக்ட் ஆயிடுச்சு. ஃபார்வர்ட் 5 லட்சம். பரவாயில்லையா?

பேரேடு:
பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அந்த 20,000 டாலருக்கு மாற்றுச் சரக்கு பிறகு அனுப்பப் போகிறீர்களா, ஆர்டரே ரத்தா? பிறகு போகும் என்றால் அதன் பங்கு, என் உதாரண ரேட்டில் 20,000 ரூபாய், ரிசர்விலேயே காத்திருக்கும். ரத்து என்றால் உடனே லாப நட்டத்துக்கு வர வேண்டும். ரத்து மார்ச் 31க்கு முன்பே தெரிந்திருந்தால், அன்றைய 90 பைசா கணக்கில் 18,000 மார்ச்சிலேயே நஷ்டம், ஆடிட்டர் ஏற்ற என்ட்ரியையும் திருத்த வேண்டும். பீஸ் ரிஜெக்ட் ஆன தேதி என்ன?

பேரேடு:
பனியன்_கணக்கு, ரிஜெக்ஷன் ரிப்போர்ட் தேதியைப் பார்த்தீர்களா? புத்தகம் கையெழுத்தாகும் முன் சொல்லுங்கள்.