பொருள்: 'பிராண்ட் மேனிஃபெஸ்டோ' – 'நிறுவன உறுதியுரை' பொருந்துமா?

அம்பத்தூரிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். ஆறு பேர் வேலை செய்யும் ஒரு மரச்செக்கு எண்ணெய் நிறுவனத்துக்கு ஒரு பக்க மேனிஃபெஸ்டோ எழுதித் தருகிறேன். 'கொள்கை அறிக்கை' என்று தலைப்பிட்டபோது, கட்சி அறிக்கைபோல இருக்கிறது என்று உரிமையாளர் தயங்கினார். 'நிறுவன உறுதியுரை' என்று வைக்கலாமா? வரைவின் முதல் வரி இது: "நிலக்கடலையை வெயிலில் மட்டுமே உலர்த்துகிறோம்; தரத்தில் ஒருபோதும் சமரசம் இல்லை."

மயிலாப்பூரிலிருந்து:
'பிரகடனம்' என்பதே என் தேர்வு. நிறுவனம் எதை நம்புகிறது என்று சொல்வதுதான் மேனிஃபெஸ்டோ. உலர்த்தும் முறையெல்லாம் அதில் வேண்டியதில்லை.

அடையாறிலிருந்து:
நம்பிக்கையைச் சொல்ல வேண்டும் என்பது சரி. ஆனால் செய்முறையை நீக்கினால் எஞ்சுவது எந்த நிறுவனமும் சொல்லக்கூடிய வரிதான். முதல் வரியை நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த நாட்களில் வெயிலையே நம்பியிருந்தால் கடலையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளாடாக்சின் என்னும் நச்சும் உண்டாகலாம். ஆகவே பொறுப்புள்ள செக்குக்காரர் மின் உலர்த்தியை நாடுவார். நல்ல வேலையைச் செய்யும்போதே சொன்ன சொல்லை மீறியவராகிவிடுவார். 'சமரசம் இல்லை' என்பதிலோ எதிர்ச் சிக்கல்: அதை எப்போது மீறினோம் என்று யாராலும் காட்ட முடியாது. புட்டியில் அடைக்கும் பணியாளரிடம் ஒவ்வொரு வரியையும் படித்துக்காட்டி, இதனால் நாளை எதை மாற்றிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் வராத வரியை அடித்துவிடலாம். வெயில் வரி விளம்பரத்துக்கும் போகுமானால் கூடுதல் கவனம் வேண்டும்: தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

தியாகராய நகரிலிருந்து:
எனக்குத் தையலகம் இருக்கிறது. கிண்டியில் வணிகக்குறிப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது இந்த உரையையும் இணைக்க வேண்டுமா? "மூன்று நாளில் தைத்துத் தருவோம்" என்று பலகையில் எழுதியிருக்கிறோம்; தீபாவளி நெருங்கினால் அது நடப்பதில்லை.

அடையாறிலிருந்து:
வேண்டியதில்லை, அங்கே பதிவாவது பெயர், சின்னம் போன்ற குறிகள்தான். பலகையில் "தீபாவளிக்கு முந்தைய மாதம் பத்து நாள் ஆகும்" என்று சேர்த்துவிடுங்கள், அது உண்மையானால்.

அம்பத்தூரிலிருந்து:
வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "வெயிலில் உலர்த்துவதையே விரும்புகிறோம். மழை நாளில் உலர்த்தியைப் பயன்படுத்தினால், அதைப் புட்டியிலேயே அச்சிடுவோம்." பணியாளர் உடனே, அப்படியானால் இரண்டு வகைச் சீட்டு வேண்டும் என்றார். அந்தச் செலவுக்கு உரிமையாளர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் மறுத்தால் இந்த வரியையே எடுத்துவிடுவேன். தலைப்புக்கு இப்போதைக்கு 'உறுதியுரை' என்றே இட்டிருக்கிறேன்.

மயிலாப்பூரிலிருந்து:
வரி நன்றாக இருக்கிறது. ஆனால் 'விரும்புகிறோம்' என்பது உறுதி ஆகாதே. 'பிரகடனம்' என்றால் விருப்பத்துக்கும் அதில் இடம் உண்டு. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?