கலைச்சொல் தேவை: வட்டி ஈட்டிய வட்டி, அது விஞ்சும் ஆண்டு

பிரிக்ஃபீல்ட்ஸ், கணித ஆசிரியை:

வணக்கம். மூன்றாம் படிவ மாணவர்களுக்கான மாலை வகுப்பில் 10,000 வெள்ளியை ஆண்டுக்கு 5 விழுக்காட்டில் போட்டு, தனிவட்டிக்கு ஒரு கோடும் கூட்டுவட்டிக்கு ஒரு வளைவும் வரையச் சொன்னேன். பத்தாம் ஆண்டின் முடிவில் கோடு 15,000 வெள்ளியிலும் வளைவு 16,289 வெள்ளியிலும் நின்றதால், "இவ்வளவுதானா வித்தியாசம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். முப்பதாம் ஆண்டில் கோடு 25,000, வளைவு 43,219. இந்த இடைவெளி முழுவதும் வட்டி ஈட்டிய வட்டியே. அதைக் குறிக்க ஒரே சொல் வேண்டும். "வட்டிக்கு வட்டி" என்றால் பிள்ளைகளுக்கு ஆலோங் எனும் கந்துவட்டிக்காரரின் கடன்தான் நினைவுக்கு வருகிறது. "வட்டி குட்டி போடும்" என்ற வழக்கிலிருந்து "குட்டிவட்டி" எனலாமா? அது அசலின் வட்டியை விஞ்சும் ஆண்டுக்கும் ஒரு சொல் தேவை. என் கணக்கில் அது 27ஆம் ஆண்டு.

ஆயர் ஈத்தாம், பணி ஓய்வு பெற்றவர்:

அம்மா, நீங்கள் சொல்லும் வளைவை நான் கண்டதே இல்லை. பல ஆண்டுகளாக 10,000 வெள்ளி நிரந்தர வைப்பில் வைத்திருக்கிறேன்; ஒவ்வொரு தவணை முடிவிலும் வட்டி என் சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடுகிறது, வைப்போ இன்றும் அதே 10,000 ஆகத்தான் இருக்கிறது. வங்கி கூட்டுவட்டி தருவதில்லை என்றல்லவா இதற்குப் பொருள்?

ஜார்ஜ் டவுன், முன்னாள் வங்கிக் கணக்காளர்:

ஐயா, அது வங்கியின் மறுப்பன்று. வட்டியைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றும்படி வைப்புப் படிவத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். வட்டியை அசலோடு சேர்த்துப் புதுப்பிக்கச் சொல்லியிருந்தால் வளைவு தோன்றியிருக்கும். இப்போது உங்கள் வைப்பு வரைவது ஆசிரியையின் நேர்கோட்டைத்தான்.

ஆசிரியை அவர்களே, 27 சரிதான், ஆனால் அது ஒரு கேள்விக்கு மட்டுமே விடை. அவ்வாண்டின் முடிவில் அசலின் வட்டி மொத்தம் 13,500 வெள்ளி. வட்டி ஈட்டிய வட்டியோ 13,835 வெள்ளி. இது திரண்ட தொகைகளின் ஒப்பீடு. ஒவ்வோர் ஆண்டின் வரவையும் தனியே பார்த்தால் விஞ்சுதல் முன்பே நிகழ்ந்துவிடுகிறது. அசல் ஆண்டுதோறும் 500 வெள்ளி ஈட்டுகிறது. 15ஆம் ஆண்டில் வரும் வட்டி 990 வெள்ளி, அதில் 490 வட்டியின் ஈட்டம். 16ஆம் ஆண்டில் வரும் 1,039 வெள்ளியில் அது 539 ஆகிவிடுகிறது. பணம் இரட்டிப்பாவதும் ஏறக்குறைய அப்போதே என்பது தற்செயலன்று: இருப்பு அசலைப் போல் இரு மடங்கானால், அதன் ஒரு பாதி அசல், மறு பாதி சேர்ந்த வட்டி, இரண்டும் சமமாக ஈட்டுகின்றன. வீதம் 3 விழுக்காடானால் அந்த ஆண்டு 25ஆவதாகத் தள்ளிப்போகும். 6 விழுக்காடானால் 13ஆவதாக முன்னே வரும். ஆகவே "விஞ்சும் ஆண்டு" என்று ஒரே சொல் வைத்தால் வகுப்பில் இரண்டு விடைகள் வரும், இரண்டும் சரியாகவே இருக்கும்.

"குட்டிவட்டி" எனக்கு உடன்பாடில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் அதைச் சிறிய வட்டி என்றே படிப்பார்கள். தாயைவிடப் பெரிதான பின்னும் அதைக் குட்டி என்பது எப்படி? "வழிவட்டி" என்பது என் பரிந்துரை.

செந்தூல், மொழிபெயர்ப்பாளர்:

"வழிவட்டி" நல்ல சொல். வழித்தோன்றல் என்பதில் உள்ள "வழி" இங்கே பொருந்துகிறது. அசலின் வட்டியை "முதல்வட்டி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், முதலாம் ஆண்டின் வட்டி என்று கொள்வார்கள். "அசல்வட்டி" போதும், சிலர் அதை உண்மையான வட்டி என்று படித்துச் சிரித்தாலும். ஆண்டுக்கு வருவோம். "விஞ்சாண்டு" என்று ஒட்டினால் விஞ்சாத ஆண்டு என்று ஒலிக்கும். "முந்தாண்டு" என்றால் கழிந்த ஆண்டு. எனவே ஒட்டாமல், "வரவு விஞ்சும் ஆண்டு", "திரள் விஞ்சும் ஆண்டு" என இரண்டாக வைக்கலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ், கணித ஆசிரியை:

இரண்டையும் நான் ஒன்றாகக் கருதியது என் பிழை. "வழிவட்டி"யை ஏற்கிறேன். ஆனால் "திரள்" என்ற சொல்லைப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் கூட்டம் என்றே படிப்பார்கள். "மொத்தம் விஞ்சும் ஆண்டு" நீளமானாலும் தெளிவு என்று எனக்குப் படுகிறது. அடுத்த வகுப்பில் 16க்கும் 27க்கும் இரண்டு செங்குத்துக் கோடுகள் வரையச் சொல்வேன். இரண்டு பெயர்களையும் பலகையில் எழுதி, எதைத் தயங்காமல் படிக்கிறார்கள் என்று பார்த்து எழுதுகிறேன்.

ஆயர் ஈத்தாம், பணி ஓய்வு பெற்றவர்:

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். நான்தான் அப்படிக் குறியிட்டிருக்கிறேன். இனி மாற்றினால் என் 16ஆம் ஆண்டு இன்றிலிருந்துதானே எண்ணப்படும்?