t = 0.81, எல்லைக்குள்தான், படலம் ஏன் மஞ்சளானது?

தனிமம்55:
சீசியம் ஈய அயோடைடில் (CsPbI3) மெல்லிய படலம் செய்தேன். 330 டிகிரியில் கருகருவென்று வந்தது. ஆறவைத்து அலமாரியில் வைத்தேன், மறுநாள் மஞ்சள். அயனிகளின் ஆரங்களை வைத்துப் பொருத்தக் காரணி t-யைக் கணக்குப் போட்டால் 0.81. பெரோவ்ஸ்கைட் என்ற படிக அடுக்கு உருவாக 0.8 முதல் 1 வரை போதும் என்றுதானே சொல்கிறார்கள்? அடுத்து ஒரு புதிய சேர்க்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த எண்ணை நம்பலாமா?

வடிகட்டி:
நம்பலாம். 1926-இல் கோல்ட்ஷ்மிட் கொடுத்த சூத்திரம் இன்றும் நிற்கிறது என்றால் சும்மாவா? உங்கள் 0.81 வேலியின் ஓரத்தில் இருக்கிறது, அதனால்தான் சரிந்தது. சீசியத்தை எடுத்துவிட்டு ஃபார்மமிடினியம் போடுங்கள். t = 0.99 வரும். இதைவிடப் பொருத்தமான எண் கிடைக்காது.

எண்முகி:
தம்பி, முதலில் 0.81 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஷானன் அட்டவணையில் சீசியத்துக்கு 1.67 ஆங்ஸ்ட்ராம் எடுத்திருப்பீர்கள். அது ஆறு அண்டை அயனிகள் சூழ்ந்திருக்கும்போது உள்ள ஆரம். பெரோவ்ஸ்கைட்டில் சீசியத்தைச் சுற்றிப் பன்னிரண்டு அயோடைடுகள். அதற்கான ஆரம் 1.88. ஈயத்துக்கு 1.19, அயோடைடுக்கு 2.20.

```
t = (rA + rX) / (√2 × (rB + rX))
  = (1.88 + 2.20) / (1.414 × (1.19 + 2.20))
  = 0.85
```

தவறான ஆரத்தைப் போட்டும் விடை எல்லைக்குள் விழுந்ததால் தவறு கண்ணில் படவில்லை. அகலமான வேலியில் இந்த ஆபத்து உண்டு.

வடிகட்டி, 'ஓரத்தில் இருந்ததால் சரிந்தது' என்ற வாதம் இத்துடன் போயிற்று. இன்னொன்று: நீங்கள் சிபாரிசு செய்யும் ஃபார்மமிடினியம் ஈய அயோடைடும் அறை வெப்பநிலையில் மஞ்சளாகிவிடும். கறுப்பு வடிவம் வேண்டுமானால் ஏறத்தாழ 150 டிகிரி வரை சூடாக்க வேண்டும். 0.99 வாங்கிய மாணவனும் தேர்வில் தோற்றுத்தான் வருகிறான்.

மண்கலம்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் பீங்கான் மின்தேக்கி செய்கிறவன். எங்கள் பேரியம் டைட்டனேட்டுக்கு t = 1.06. உங்கள் கணக்குப்படி அது இருக்கவே கூடாது! ஆண்டுக்கணக்கில் சுட்டு எடுக்கிறோம், ஒரு துண்டும் நிறம் மாறியதில்லை. சுடும் வெப்பத்தைச் சரியாக வையுங்கள், நிலைத்தன்மை தானாக வரும்.

எண்முகி:
ஐயா, உங்கள் அனுபவம் உண்மை, ஆனால் இவர் சிக்கல் சூளையில் இல்லை, ஆறிய பிறகு வருகிறது. பேரியம் டைட்டனேட்டில் பேரியம் பெரிதாக இருப்பதால் கூடு சற்று விரிகிறது. நடுவில் டைட்டானியத்துக்கு இடம் தளர்ந்து அது ஒரு பக்கமாக நகர்கிறது. உங்கள் மின்தேக்கி வேலை செய்வதே அந்த நகர்வால்தான். அதே பொருளை 1,400 டிகிரிக்கு மேலே கொண்டுபோனால் அறுகோண வடிவத்துக்குத் தாவும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆக, 1-ஐத் தாண்டினால் உடனே உடைந்துவிடும் என்பதும் இல்லை, விளைவே இல்லை என்பதும் இல்லை.

வடிகட்டி:
ஒரு விதிவிலக்கை வைத்து விதியைத் தள்ள முடியாது.

எண்முகி:
விதிவிலக்கு வேண்டாம், ஒரே குடும்பத்தில் ஒரு ஜோடி தருகிறேன். அயோடைடை எடுத்துவிட்டுப் புரோமைடு (1.96) போடுங்கள். t = 0.86. அயோடைடுக்கு 0.85. வேறுபாடு 0.01. புரோமைடு அறை வெப்பநிலையில் ஆரஞ்சு நிறப் பெரோவ்ஸ்கைட்டாக நிற்கிறது. ஈயத்தைச் சுற்றி ஆறு புரோமைடுகள் நிற்கும் எண்முகிகள் சாய்ந்திருக்கும், ஆனாலும் மூலைக்கு மூலை கைகோத்திருக்கும். அயோடைடில் சீசியம் கூட்டுக்குப் போதாத சிறுசு. ஆறியதும் எண்முகிகள் மூலையை விட்டு விளிம்போடு விளிம்பு ஒட்டிச் சங்கிலிகளாக அடுக்கிக்கொள்கின்றன. அந்தச் சங்கிலிதான் தம்பியின் மஞ்சள். சூட்டில் அயனிகளின் ஆட்டம் கறுப்பு வடிவத்துக்குத் துணை நிற்கிறது. ஆட்டம் அடங்கினால் துணையும் போய்விடும், காற்றின் ஈரம் அதை விரைவுபடுத்தும். இந்த ஜோடியை t-யால் பிரித்துச் சொல்ல முடியுமா?

வடிகட்டி:
t-யால் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூத்திரமே உதவாது என்று ஆகாது. 2019-இல் பார்ட்டெல் குழுவினர் 576 சேர்மங்களை வைத்துப் புதிய காரணி ஒன்றைக் கொடுத்தார்கள். பழைய t 74 விழுக்காடு சரி, இது 92 விழுக்காடு. 4.18-க்குக் கீழே வந்தால் பெரோவ்ஸ்கைட்.

```
τ = rX/rB − nA × (nA − (rA/rB) / ln(rA/rB))
```

nA என்பது A அயனியின் மின்சுமை, இங்கே 1. உங்கள் ஜோடியையே போட்டுப் பார்த்தேன். அயோடைடுக்கு 4.30, புரோமைடுக்கு 4.10. சரியாகப் பிரித்துவிட்டது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

எண்முகி:
நன்றாகவே பிரித்தது, நானும் இதைத்தான் முதல் சல்லடையாக வைத்திருக்கிறேன். ஆனால் அதே சூத்திரத்தில் ஃபார்மமிடினியத்தை (2.53) போடுங்கள். 3.67 வரும். 'தாராளமாகப் பெரோவ்ஸ்கைட்' என்கிறது. அலமாரியில் இருப்பதோ மஞ்சள். அந்த அயனி ஒரு மூலக்கூறு. அதை உருண்டையாக நினைத்துத்தான் 2.53 என்ற எண்ணையே உண்டாக்கியிருக்கிறார்கள். மேலும் இரண்டு சூத்திரங்களிலும் வெப்பநிலைக்கு இடமே இல்லை. தம்பியின் படலம் 330 டிகிரியில் பெரோவ்ஸ்கைட், 30 டிகிரியில் இல்லை. ஒரே எண் இரண்டுக்கும் எப்படி விடை சொல்லும்?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. எந்த அடுக்கு என்பது ஒரு கேள்வி, சேர்மமே பிரிந்துபோகுமா என்பது வேறு கேள்வி. மெத்தில் அம்மோனியம் ஈய அயோடைடுக்கு t = 0.91, τ = 3.88. இரண்டும் நல்ல எண்கள், வடிவமும் அறை வெப்பநிலையில் சரி. ஆனால் 85 டிகிரியில் வைத்திருந்தால் கரிமப் பகுதி வெளியேறி ஈய அயோடைடு மிஞ்சுகிறது. இதை அறிய, போட்டி போடும் எல்லாச் சேர்மங்களின் ஆற்றலோடும் ஒப்பிட வேண்டும். ஆரங்களை மட்டும் வைத்து அது நடக்காது.

தனிமம்55:
தவறு என்னுடையதுதான், 1.67 போட்டிருந்தேன். அப்படியானால் சிறுசையும் பெரிசையும் கலந்தால்? ஃபார்மமிடினியம் 85, சீசியம் 15 என்று. சராசரி ஆரம் 2.43, t = 0.97 வருகிறது.

எண்முகி:
நல்ல திசை. 2016 வாக்கில் பலர் இந்த வழியில் கறுப்பு வடிவத்தை அறை வெப்பநிலையில் நிறுத்திக் காட்டினார்கள். ஆனால் சராசரி போடும்போதே இரண்டும் ஒரே சீராகக் கலந்திருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். சீசியத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அது தனியே பிரிந்து மஞ்சளாக ஒதுங்கும், t தாளில் அழகாகவே இருக்கும். புரோமைடையும் நிறையச் சேர்க்காதீர்கள். ஒளி பட்டதும் அயோடைடு ஒருபுறம், புரோமைடு ஒருபுறம் என்று பிரிவதுண்டு.

அதற்கு முன் ஒன்று: உங்கள் மஞ்சள் எந்த மஞ்சள்? எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படம் எடுங்கள். செப்புக் கதிரில் 9.8 டிகிரிக்கு அருகில் முகடு இருந்தால் சங்கிலி வடிவம். 12.7-இல் இருந்தால் ஈய அயோடைடு. முதலாவது திரும்பச் சூடாக்கினால் கறுக்கும். இரண்டாவது கறுக்காது.

மண்கலம்:
திரும்பச் சூடாக்குவது என்றால் ஆக மொத்தம் சூளைதானே? நான் சொன்னது அதைத்தான்.

வடிகட்டி:
நூறு சேர்க்கைகளில் எதை முதலில் செய்வது என்று கேட்டால் எண்முகியும் τ-வைத்தான் எடுப்பார். எனக்கு அது போதும்.

எண்முகி:
எடுப்பேன். ஆனால் அது கழித்துக்கட்டிய பட்டியலிலிருந்தும் இரண்டொன்றைச் செய்து பார்ப்பேன்.

தனிமம்55:
பழைய படத்தைத் தேடி எடுத்தேன். 9.8-இல் உயரமான முகடு. 12.7-இலும் சின்னதாக ஒரு மேடு. இரண்டும் இருக்கிறதே, இப்போது என்ன செய்வது?