ஆட்குறைப்பை ஊழியர்களிடம் சொல்ல வேண்டிய நாள்: உங்கள் அனுபவம் என்ன?

கோவை, பம்ப் உற்பத்தி மேலாளர்

எங்களுடையது 64 பேர் வேலை செய்யும் ஆலை. 2023 ஜூலை 31-உடன், மோட்டாரின் ஸ்டேட்டருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் செக்ஷனை மூட முதலாளி முடிவெடுத்தார். சுற்றிய ஸ்டேட்டரை வெளியில் வாங்குவது மலிவாகிவிட்டது. செக்ஷனில் இருந்த 17 பேரில் 6 பேருக்குத்தான் இன்னொரு யூனிட்டில் இடம் இருந்தது. மற்ற 11 பேருக்கு வேலை போகிறது. இதை எல்லோரிடமும் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

அதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு கூட்டத்தில் நானே கேட்பவனாக உட்கார்ந்திருக்கிறேன். மேலாளர் கம்பெனி வளர்ந்த கதையில் தொடங்கி, எங்கள் உழைப்பைப் பாராட்டி, பத்து நிமிடம் பேசினார். பக்கத்தில் இருந்தவர் போனஸ் என்று நினைத்து என் தொடையைத் தட்டிச் சிரித்தார். அடுத்த வாக்கியத்தில் அவருடைய செக்ஷனை மூடுகிறோம் என்றார்கள். அந்தச் சிரிப்பு அவர் முகத்தை விட்டுப் போகவே கொஞ்ச நேரம் ஆனது. அதனால் என் தாளில் கெட்ட செய்தியை இரண்டாவது வாக்கியத்திலேயே வைத்தேன்:

“எல்லோருக்கும் வணக்கம். வருத்தமான ஒரு செய்தி சொல்லக் கூப்பிட்டிருக்கிறேன். ஜூலை 31-ஆம் தேதியோடு வைண்டிங் செக்ஷனை மூடுகிறோம். அங்கே இருக்கிற 17 பேரில் 6 பேர் அடுத்த யூனிட்டுக்குப் போகிறார்கள், 11 பேருக்கு வேலை போகிறது. அந்த 17 பேரிடமும் இன்று காலையே தனித்தனியாகப் பேசிவிட்டேன். இனிமேல் சுற்றிய ஸ்டேட்டரை வெளியே வாங்கப்போகிறோம், காரணம் அதுதான். யாருடைய வேலையிலும் குறை இல்லை. சீனியாரிட்டி பட்டியலில் கடைசியாகச் சேர்ந்த 11 பேர் போகிறார்கள். பட்டியல் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. ஜூலை 31 வரை முழுச் சம்பளம் உண்டு. அன்றைக்கே இழப்பீடும் கிராஜுவிட்டியும் கையில் தருவோம். வேறு வேலை பார்க்கப் போக வேண்டியிருந்தால் சம்பளத்தோடு அனுப்புகிறோம். இப்போது கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறேன்.”

வாசிக்க ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. அந்த அமைதியில் எதையாவது சொல்லி நிரப்ப வேண்டும் போல நாக்கு துடித்தது. நான் வாய் திறக்கவில்லை. அப்புறம் அசெம்ப்ளியிலிருந்து ஒரு அக்கா, “ஏனுங்க சார், அடுத்தது நாங்களுங்களா?” என்று கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், பதிலை எழுதியே வைத்திருந்தேன். “வர்ற மார்ச் வரைக்கும் அசெம்ப்ளியில் யாரையும் குறைக்கிற திட்டம் இல்லைங்க அக்கா. அதுக்கப்புறம் எப்படின்னு எனக்குத் தெரியாது” என்றேன். “இனி யாருக்கும் எதுவும் ஆகாது” என்று முதலாளி சொல்லச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியை மட்டும் மறுத்துவிட்டேன்.

உங்களில் இதைச் செய்தவர்கள், என்ன சொன்னீர்கள், எது தவறாகப் போனது என்று எழுதுங்கள்.

திருப்பூர், கணக்குப் பிரிவு

நல்லாப் பேசியிருக்கீங்க சார். ஆனால் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தாச்சு என்றால் இழப்பீடு தேவையில்லையே? நோட்டீஸ் கொடுக்காமல் அனுப்பினால்தான் பணம் என்று எங்கள் ஆடிட்டர் சொல்வார். கிராஜுவிட்டி மட்டும் 5 வருடம் முடித்தவர்களுக்கு உண்டு, அது சரி.

ஓசூர், ஓய்வுபெற்ற பணியாளர் அதிகாரி

தம்பி, நோட்டீஸுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஒரு மாதச் சம்பளம் வேறு, இழப்பீடு வேறு. இவர் சொல்லும் 2023-இல் நடப்பில் இருந்தது 1947-ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டம். அதன் 25F பிரிவு இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு, ஆறு மாதத்துக்கு மேல் மிஞ்சினால் அதுவும் ஒரு வருடம். வெளியே அனுப்பும் நேரத்தில் அந்தப் பணம் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். “கணக்கைப் பிறகு முடித்துத் தருகிறோம்” என்று கூட்டத்தில் சொன்னாலே வழக்குக்கு வழி வைத்த மாதிரிதான். மேலாளர் “அன்றைக்கே கையில்” என்று சொன்ன வரிதான் அந்தத் தாளிலேயே கனமான வரி.

ஒருவர் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். வேலை 11 வருடம் 8 மாதம், மாதச் சம்பளம் ரூ. 20,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் ரூ. 15,600 என்று வையுங்கள். இழப்பீட்டுக்கு அரை மாதச் சம்பளம் 10,000, அதை 12-ஆல் பெருக்கினால் 1,20,000. கிராஜுவிட்டிக்கு 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் 600, பதினைந்து நாளுக்கு 9,000, பன்னிரண்டு வருடத்துக்கு 1,08,000. மொத்தம் 2,28,000. இழப்பீட்டுக்கும் 26-ஆல் வகுக்க வேண்டும் என்று சில சங்கக்காரர்கள் வாதாடுவார்கள். அந்த 26 கிராஜுவிட்டிச் சட்டத்துக்கு உரியது.

இந்தத் தொகையைக் கூட்டத்தில் வாசிக்கக் கூடாது. தனியாகப் பேசும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளாகக் கொடுக்க வேண்டும். செய்தி கேட்ட நேரத்தில் யார் காதிலும் எண் ஏறாது. வீட்டுக்குப் போய் மனைவியோ மகனோ படித்துப் பார்க்க ஒரு தாள் வேண்டும். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குப் பிறகு ஆட்குறைப்பு செய்பவர்கள் இன்றைய விதியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சென்னை, மென்பொருள் சோதனையாளர்

எனக்கு நடந்தது இது. பத்து நிமிட வீடியோ அழைப்பு, அழைப்பில் மேலாளரோடு முன்பின் தெரியாத ஒருவர். “நீங்களே ராஜினாமா போட்டுவிட்டால் அனுபவச் சான்றிதழ் சுத்தமாக இருக்கும்” என்றார்கள். பயத்தில் மெயில் அனுப்பிவிட்டேன். இப்போது இழப்பீடு கேட்க முடியுமா?

ஓசூர், ஓய்வுபெற்ற பணியாளர் அதிகாரி

மா, இங்கே பேசுவது சொல்லுகிற விதத்தைப் பற்றி, ஆனாலும் உங்கள் கேள்வி முக்கியம். தானாக ராஜினாமா செய்தவர் ஆட்குறைப்புக்குள் வர மாட்டார். கட்டாயப்படுத்தி வாங்கியது என்று நிரூபித்தால் கதை மாறும். அந்த அழைப்புக்கு முன்னும் பின்னும் வந்த மெயில்களை அழிக்காமல் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கொழும்பு, ஆடைத் தொழிற்சாலை

எங்களுக்கு இந்தத் தாள் சரிவராது. இலங்கையில் 1971-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறவர்களைத் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இல்லாமல் நிறுத்த ஏலாது. அதனால் “மூடுகிறோம், உங்களுக்கு வேலை போகிறது” என்று முடிந்த கதையாகச் சொன்னால் பிழை. நான் “இப்படி ஒரு யோசனை வைத்திருக்கிறோம், இதுதான் நாங்கள் தரக்கூடிய தொகை, யோசித்துச் சொல்லுங்கள்” என்றுதான் சொன்னேன். ஆட்கள் மூன்று கிழமை நித்திரை இல்லாமல் இருந்தார்கள். முடிவு தெரியாமல் இருப்பது முடிவைவிடக் கொடுமை என்று ஒரு பிள்ளை என்னிடம் அழுதது.

திருப்பூர், கணக்குப் பிரிவு

ஆடிட்டரிடம் திரும்பக் கேட்கிறேன், நன்றி ஐயா. மேலாளர் சார், ஒன்று. 17 பேரிடமும் தனித்தனியாகப் பேச எவ்வளவு நேரம் ஆனது? முதல் ஆள் வெளியே வந்ததுமே செய்தி பரவியிருக்குமே?

கோவை, பம்ப் உற்பத்தி மேலாளர்

பரவியது. காலை 8 மணிக்குத் தொடங்கினேன், ஆளுக்குப் பத்து நிமிடம். நான்காவது ஆள் உள்ளே வரும்போதே அவர் கண் கலங்கியிருந்தது. கடைசி ஆள் மூன்று மணி நேரம் கையில் சுருளை வைத்துக்கொண்டு காத்திருந்தார், ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. 17 பேரையும் ஒரே அறையில் வைத்து முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் தனித்தனியாகத் தாள் கொடுத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அன்று தனியாகச் சொன்னதால்தான் ஒரு அம்மா, மகள் கல்யாணம் ஆகஸ்டில் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். மற்றவர்கள் முன்னால் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய கணக்கை மட்டும் முதலாளியிடம் பேசி பத்து நாள் முன்னாலேயே கொடுத்தோம்.

ஓசூர், ஓய்வுபெற்ற பணியாளர் அதிகாரி

நான் இரண்டு விதமாகவும் செய்திருக்கிறேன். ஒரே அறையில் சொன்னபோது ஆத்திரம் அதிகம், தனியாகச் சொன்னபோது வதந்தி அதிகம். இரண்டு மேலாளர்கள் இரண்டு அறையில் உட்கார்ந்தால் அந்த மூன்று மணி நேரம் பாதியாகும். ஆனால் இரண்டாவது ஆளும் அதே தாளைத்தான் வாசிக்க வேண்டும், ஒரு சொல் கூட்டக் கூடாது. எங்கள் ஆலையில் அவர் “பார்க்கலாம், ஏதாவது வழி பண்ணுவோம்” என்று மனசு இளகிச் சொல்லிவிட்டார். ஒன்பது பேர் ஆறு மாதம் ஆலை வாசலுக்கு வந்துகொண்டே இருந்தார்கள்.