ஒரே கேண்டில், இரண்டு பெயர்: சுத்தியலும் தூக்குமனிதனும் குழப்பிய அனுபவங்கள்

சுங்கைப் பேரன் எழுதியது:

நடந்து பல மாதங்களாகியும் மனத்தை விட்டு அகலாத ஒன்றைச் சொல்லி விடுகிறேன். எங்கள் சுங்கை சிப்புட்டில் சாயங்காலம் ஆறு மணிக்குச் சந்தை முடிந்ததும், ஒட்டுக்கடையில் தே தாரிக்கைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் செம்பனை எண்ணெய் வாயிதாவின் அன்றைய கேண்டிலைப் பார்த்தேன். 3,958இல் தொடங்கி, நடுவில் 3,872 வரை விழுந்து, மறுபடி ஏறி 3,970இல் முடிந்திருந்தது. அன்றைய உச்சம் 3,974. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட உடல் 12 ரிங்கிட், அதற்குக் கீழே நீண்ட வால் 86 ரிங்கிட், மேலே வால் என்று சொல்ல ஒன்றுமில்லை. இவ்வளவு அழகான சுத்தியலை நான் அதுவரை கண்டதில்லை.

இரவு ஒன்பது மணிக்கு இரவு வணிகம் திறந்ததும் 3,968க்கு ஒரு லாட் வாங்கினேன். மறுநாள் மாலை ஆறு மணிக்கு விலை 3,896. ஒரு லாட் 25 டன் என்பதால் விலை ஒரு ரிங்கிட் நகர்ந்தால் நமக்கு 25 ரிங்கிட். ஆக 72 ரிங்கிட் இறக்கத்தில் 1,800 ரிங்கிட் போயிற்று.

வீட்டுக்கு வந்து திரையை இரண்டு விரலால் சுருக்கிய அந்த நொடிதான் இன்றும் கண்ணில் நிற்கிறது. கடையில் நான் பார்த்தபோது திரையில் கடைசி மூன்று கேண்டில்கள் மட்டுமே தெரிந்தன. சுருக்கியதும், அவற்றுக்கு இடப்பக்கம் 3,690இலிருந்து ஒன்பது நாள்களாகப் படிப்படியாக ஏறி வந்த மேடு முழுவதும் வெளிப்பட்டது. என் சுத்தியல் அந்த மேட்டின் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் இதே வடிவத்துக்குத் தூக்குமனிதன் என்று பெயர். இறக்கமே இல்லாத இடத்தில் இறக்கம் முடிந்துவிட்டது என்று நம்பி வாங்கியிருக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கீழே தள்ளியவர்களை வாங்குவோர் மேலே துரத்திவிட்டார்கள் என்பதுதானே இரண்டு இடத்திலும் நடந்தது? அப்படியிருக்க, அதே செயல் ஓரிடத்தில் நல்ல செய்தியாகவும் மற்றோரிடத்தில் கெட்ட செய்தியாகவும் ஆவது எப்படி?

ரப்பர்காட்டான் எழுதியது:

தம்பி, நிறத்தைப் பார்க்கவில்லையா? பச்சையாக முடிந்தால் சுத்தியல், சிவப்பாக முடிந்தால் தூக்குமனிதன் என்றுதான் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். உங்களுடையது பச்சை. ஆகவே நீங்கள் வாங்கியது சரி, மறுநாள் சந்தைதான் தவறாகப் போனது. நானும் ஒருமுறை பங்கு ஒன்றில் உச்சியில் சிவப்பு வால் கேண்டிலைப் பார்த்து விற்றுத் தப்பித்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

ரப்பர்காட்டான் ஐயா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். உச்சியில் நிற்கும் கேண்டில் சிவப்பாக இருந்தால் எச்சரிக்கை சற்றுக் கூடும், அடியில் நிற்பது பச்சையாக இருந்தால் நம்பிக்கை சற்றுக் கூடும். ஆனால் பெயரை நிறம் தீர்மானிப்பதில்லை. உடல் அவ்வளவு சிறியதாக இருக்கும்போது பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே கடைசி ஐந்து நிமிட வணிகம்தான் வேறுபாடு. தம்பியின் கேண்டில் 3,970க்குப் பதில் 3,950இல் முடிந்திருந்தால் சிவப்பாகியிருக்கும். அந்த 20 ரிங்கிட்டால் அன்றைய நாளின் கதை மாறிவிடுமா?

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதிப் பழகியவன் என்பதால், எந்தக் கேண்டிலைப் பார்த்தாலும் யார் எந்த விலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஒன்பது நாள் இறங்கிய சந்தையில் இந்தக் கேண்டில் தோன்றியதாக வைத்துக்கொள்வோம். விலை இன்னும் விழும், பிறகு மலிவாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி, அன்று நண்பகலில் புதிய அடிமட்டத்தில், அதாவது 3,880க்கும் 3,872க்கும் விற்றவர்கள் இருப்பார்கள். மாலையில் விலை 3,970க்கு வந்ததும் அவர்கள் ஒவ்வொரு லாட்டுக்கும் இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் நட்டத்தில் நிற்கிறார்கள். அவர்கள் தப்பிக்க வேண்டுமானால் திரும்ப வாங்க வேண்டும். அந்த வாங்குதல் விலையை மேலும் ஏற்றும். கவனியுங்கள், மாட்டிக்கொண்டவர்கள் அந்த நாள் முடிவதற்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். சுத்தியலுக்கான சான்றில் பெரும்பகுதி அந்தக் கேண்டிலுக்குள்ளேயே இருக்கிறது.

ஒன்பது நாள் ஏறிய சந்தையில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலோர் வாங்கி வைத்து லாபத்தில் இருப்பவர்கள். நண்பகலில் விலை 86 ரிங்கிட் சரிந்தது என்றால், இத்தனை நாளாக ஒவ்வொரு சிறு இறக்கத்திலும் தாங்கிப் பிடித்த வாங்குவோர் அன்று சில மணி நேரம் ஒதுங்கி நின்றார்கள் என்று பொருள். பிறகு வாங்கி ஏற்றிவிட்டார்கள், உண்மைதான். ஆகவே அந்த மாலையில் எவரும் மாட்டிக்கொள்ளவில்லை. கேண்டிலை மட்டும் பார்த்தால் அது நல்ல முடிவு போலவே தெரியும். ஆனால் தொடக்கத்தில் 3,958க்கு அருகிலும் மாலையில் 3,970க்கு அருகிலும் புதிதாக வாங்கியவர்கள் மலையுச்சியில் நிற்கிறார்கள். மறுநாள் விலை அந்தச் சின்ன உடலுக்குக் கீழே, 3,958க்குக் கீழே முடிந்தால், அவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நட்டத்துக்குள் போகிறார்கள். நேற்று 3,872 வரை பள்ளம் இருந்ததையும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். தூக்குமனிதன் முழுமையாவது அந்த மறுநாள் முடிவில்தான். அதற்கு முன்னால் அது ஒரு சந்தேகம் மட்டுமே.

சுத்தியலை ஜப்பானியர் தகுரி என்பார்கள். தண்ணீரின் அடியைத் தொட்டு ஆழம் பார்ப்பது என்ற கருத்து அந்தச் சொல்லில் உண்டு. கீழே இறங்கிக்கொண்டிருப்பவனுக்குத்தான் காலில் தரை தட்டுவது நல்ல செய்தி. இந்த முறைகளை மேலை நாட்டு வணிகர்களிடம் கொண்டுசேர்த்த ஸ்டீவ் நிசன், குறுகிய இறக்கத்துக்குப் பிறகு வந்தாலும் சுத்தியலை ஏற்கிறார். தூக்குமனிதனுக்கோ நீண்ட ஏற்றம் முன்னால் இருக்க வேண்டும் என்கிறார். நான் மேலே சொன்ன கணக்கோடு இது பொருந்துகிறது.

தமிழ்க்குறியாளன் எழுதியது:

என்னைக் குழப்பியது கணினி நிரல். இந்த வடிவங்களைத் தேட talib என்ற நிரல் தொகுப்பை வைத்து நான் எழுதியது இவ்வளவுதான்:

```
h = talib.CDLHAMMER(o, hi, lo, c)
m = talib.CDLHANGINGMAN(o, hi, lo, c)
```

சுத்தியலுக்கு 100, தூக்குமனிதனுக்கு -100 என்று விடை வரும். இந்த நிரலே போக்கையும் பார்த்துக்கொள்கிறது என்று ஓர் ஆண்டாக நம்பியிருந்தேன். ஒரு நாள், மூன்று வாரமாக விழுந்துகொண்டிருந்த விலையின் அடிவாரத்தில், என் கண்ணுக்குத் தெளிவாகச் சுத்தியலாகத் தெரிந்த கேண்டிலுக்கு -100 என்று வந்தது. மூலக்குறியைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது: அது போக்கைப் பார்ப்பதே இல்லை. உடல் முந்தைய ஒரே ஒரு கேண்டிலின் அடிமட்டத்துக்கு அருகிலோ கீழேயோ இருந்தால் சுத்தியல். உச்சத்துக்கு அருகிலோ மேலேயோ இருந்தால் தூக்குமனிதன். அன்று விலை சற்று மேலே திறந்திருந்தது, அதனால் பெயர் மாறிவிட்டது. சுங்கைப் பேரன் அண்ணன் மூன்று கேண்டில்களைப் பார்த்து ஏமாந்தார். என் நிரல் ஒன்றை மட்டுமே பார்த்தது. இப்போது போக்கைத் தனியாகக் கணக்கிட்டு, வடிவம் வந்த பிறகே பெயர் வைக்கிறேன்.

குலைக்காரி எழுதியது:

வணக்கம். எனக்குச் சொந்தமாக ஆறு ஏக்கர் செம்பனை இருக்கிறது. போன ஆண்டு என் தம்பி, சுத்தியல் வந்திருக்கிறது அக்கா, விலை ஏறப்போகிறது, அறுவடையை நான்கு நாள் தள்ளிப் போடுங்கள் என்றான். தள்ளினேன். விலை ஏறியதா இல்லையா என்பதே எனக்கு நினைவில்லை. ஆலை எடைப்பாலத்தருகே தரம் பார்ப்பவர் குலையைக் கொக்கியால் புரட்டியபோது பழங்கள் பொலபொலவென்று தரையில் கொட்டியதுதான் நினைவில் இருக்கிறது. அளவுக்கு மீறிப் பழுத்துவிட்டது என்று எடையில் கழித்தார்கள். எங்கள் ஆலை மாதச் சராசரி எண்ணெய் விலையை வைத்துத்தான் பணம் கொடுக்கிறது. அப்படியானால் இந்தத் தூக்குமனிதன் வந்தால் குலையை முன்கூட்டியே வெட்ட வேண்டுமா?

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

வேண்டாம் அம்மா. மாதச் சராசரியில் ஒரு நாள் கேண்டிலின் பங்கு மிகச் சிறியது. காயாக வெட்டினால் எண்ணெய் குறையும், அதற்கும் கழிப்பார்கள். கீழே உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்தே வெட்டுங்கள்.

கம்பத்து மணியம் எழுதியது:

என் அனுபவம் சிறியது. தூக்குமனிதனைக் கண்ட மாலையிலேயே ஷார்ட் அடித்தேன். விலை அடுத்த ஐந்து நாளும் ஏறியது. அவ்வளவுதான். ஆனால் அதிலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சுங்கைப் பேரனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிராணி ஐயா தூக்குமனிதனுக்குக் கொடுக்கும் மதிப்பே அதிகம் என்பது என் கருத்து. தாமஸ் புல்கோவ்ஸ்கி என்பவர் அமெரிக்கப் பங்குகளில் இவ்வகைக் கேண்டில்களை எண்ணிப் பார்த்தபோது, தூக்குமனிதனுக்குப் பிறகு பாதிக்கும் மேற்பட்ட முறை ஏற்றமே தொடர்ந்தது என்று கண்டார். பெயர் பயமுறுத்துகிறது, எண்ணிக்கை அப்படிச் சொல்லவில்லை. ஆகவே தம்பி, உங்கள் தவறு ஏற்றத்தின் உச்சியில் வாங்கியது மட்டுமன்று. இரவு ஒன்பது மணிக்கு வாங்கியதுதான் பெரிய தவறு. நம் வாயிதாவில் இரவு வணிகம் அடுத்த வணிக நாளோடு சேர்த்தே கணக்கிடப்படுகிறது. அதாவது மறுநாள் கேண்டிலின் முதல் நிமிடத்திலேயே, அது எப்படி முடியும் என்று தெரிவதற்கு ஒரு நாள் முன்னதாகவே, நுழைந்துவிட்டீர்கள். மறுநாள் மாலை வரை பொறுத்திருந்தால் 3,896இல் முடிந்த கேண்டில் உங்களைத் தடுத்திருக்கும். இன்னொன்று, வரைபடம் தரும் சில செயலிகள் இரவு வணிகத்தை விட்டுவிட்டுக் காலை 10.30இலிருந்து கேண்டிலைத் தொடங்குகின்றன. தொடக்க விலை மாறினால் உடல் மாறும், உடல் மாறினால் உங்கள் சுத்தியலே சுத்தியலாக இல்லாமல் போகலாம். இரண்டு செயலிகளில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்டாப் லாஸை வாலின் அடியில் வைத்தால் 3,968க்கும் 3,872க்கும் இடையே 96 ரிங்கிட். ஒரு லாட்டுக்கு 2,400 ரிங்கிட். அதைத் தாங்க முடியாதவர் நீண்ட வால் கேண்டிலை நம்பி நுழையவே கூடாது.

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

மணியம், அந்த எண்ணிக்கையை நான் மறுக்கவில்லை. நல்ல முடிவோடு முடிந்த நாளுக்குப் பிறகு ஏற்றம் தொடர்வது இயல்பு. அதனால்தான் மறுநாள் உடலுக்குக் கீழே முடிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அந்தச் சோதனையில் தேறியவற்றைத் தனியே பிரித்து எண்ணினால் என்ன வரும் என்பதுதான் நமக்குள் உள்ள வாதம். அதை நம் செம்பனை விலையில் யாரேனும் எண்ணிப் பார்த்தால் நான் கேட்டுக்கொள்ளத் தயார்.

சுங்கைப் பேரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. யார் எப்போது மாட்டிக்கொள்கிறார் என்ற ஐயாவின் விளக்கம் என் கேள்விக்குச் சரியான பதில். மணியம் அண்ணன் சொன்னபடி இரண்டாவது செயலியில் பார்த்தேன். அதில் அன்றைய தொடக்கம் 3,931. உடல் 39 ரிங்கிட், கீழ் வால் 59. வால் உடலைப் போல் இரு மடங்குகூட இல்லை. அந்தச் செயலியை வைத்திருந்தால் அன்று எனக்கு எந்தப் பெயரும் தோன்றியிருக்காது.

இப்போது இன்னொன்று. நேற்றைய கேண்டிலும் அதே வடிவம்தான், இரண்டு செயலியிலும். கடைசி நான்கு நாள்களாக விலை இறங்கியிருக்கிறது; ஆனால் திரையை முழுவதும் சுருக்கினால் மூன்று மாத ஏற்றத்தின் மேல்பகுதியில்தான் நிற்கிறது. இதற்கு என்ன பெயர் வைப்பது?

ரப்பர்காட்டான் எழுதியது:

பச்சையா, சிவப்பா?

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

நான்கு நாள் இறக்கத்தில் விற்றவர்கள் நேற்று மாலை நட்டத்தில் இருந்தார்களா என்று பாருங்கள் தம்பி. இருந்தால் நான் அதைச் சுத்தியல் என்பேன். மணியம் வேறு சொல்வார்.