படத்தில் இருப்பது 61ஆ, 16ஆ? கத்தரிக்காய்க் கணக்குக்கு எந்தச் சோதனை?

காட்பாடி மாணவி: அணைக்கட்டுப் பக்கம் மாமா நிலத்தில் இலவம்பாடி முள் கத்தரி போட்டிருக்கிறோம். ஆறு வரிசைக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தோம். ஆறு வரிசையை அப்படியே விட்டோம். வரிசைக்கு எத்தனை சொத்தைக் காய் என்று மாமா நோட்டில் எழுதிப் படமெடுத்து அனுப்பினார். பார்த்தாலே வித்தியாசம் தெரிகிறது. ஆனால் டி சோதனையில் பி மதிப்பு 0.17 வருகிறது. எங்கே தவறு?

```
a <- c(2,3,4,5,6,9)       # தெளித்தவை
b <- c(7,8,10,11,14,61)   # தெளிக்காதவை
t.test(a, b)
```

குடியாத்தம் வாசகர்: முப்பதுக்குக் குறைந்தால் டி சோதனை செல்லாது. மான்-விட்னி போடுங்கள்.

ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர், வேலூர்: சொன்ன சோதனை சரி, காரணம் தவறு. ஆறு ஆறு எண்களுக்கும் டி சோதனை நன்றாகவே வேலை செய்யும். இங்கே கெடுப்பது அந்த 61. அது சராசரியை 18.5க்கு ஏற்றுகிறது, அதைவிட அதிகமாகச் சிதறலை ஊத வைக்கிறது. அதனால்தான் வித்தியாசம் அமுங்கிவிட்டது. பன்னிரண்டு எண்களையும் வரிசைப்படுத்தி 1 முதல் 12 வரை இடம் கொடுங்கள் அம்மா. தெளித்தவை பெறும் இடங்கள் 1, 2, 3, 4, 5, 8, கூட்டினால் 23. ஆறு வரிசைக்கு வரக்கூடிய மிகக் குறைந்த கூட்டல் 21. இதுதான் மான்-விட்னி. R-இல் `wilcox.test(a, b)` கொடுத்தால் W = 2, பி மதிப்பு 0.0087 வரும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது 16 ஆகவும் இருக்கலாம். 16 என்றால் டி சோதனையே 0.006 தரும், அப்போது அதில் குறையில்லை. இடவரிசைக்கோ இரண்டும் பன்னிரண்டாம் இடம்தான், விடை அசையாது. இதற்காக எல்லாப் பிழையையும் அது தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 7 உண்மையில் 1 என்றால் இடங்கள் புரண்டு 0.093 ஆகிவிடும்.

ஆம்பூர் விவசாயி: நான் மூன்று பாத்திக்கு மூன்று பாத்தி வைத்தேன். ஓர் எண்கூடக் கலக்கவில்லை, ஆனாலும் 0.1தான். என் மருந்து வேலை செய்யவில்லையா?

ஆசிரியர்: மூன்றுக்கு மூன்று என்றால் இருபது விதமாகப் பிரியலாம், இரு ஓரமும் சேர்த்து 2/20. அதற்குக் கீழே போக வழியே இல்லை. நான்குக்கு நான்கு வைத்திருந்தால் 0.029 வரை இறங்கியிருக்கும்.

குடியாத்தம் வாசகர்: ஆனால் மாமாவுக்கு வேண்டியது எத்தனை காய் தப்பியது என்பதுதானே? 61 உண்மையென்றால் அவ்வளவும் நட்டம். இடவரிசை அதை மறைத்துவிடுகிறதே?

ஆசிரியர்: நியாயமான கேள்வி. தெளித்த பக்கம் பொதுவாகக் குறைவா என்பதற்கு மட்டுமே அது பதில் சொல்லும். காய்க் கணக்குக்கு அந்த ஒரு வரிசையில் என்ன நடந்தது என்று நிலத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும். வரிசைகள் பக்கத்துப் பக்கத்தில் சோடியாக இருந்தனவா? அப்படியானால் சோதனையே வேறு.

மாணவி: சோடி இல்லை ஐயா, கலந்துதான் விட்டோம். பக்கத்தின் அடியில் மாமா மொத்தம் போடுவார். 61 என்றால் 111, 16 என்றால் 66 இருக்க வேண்டும். படத்தில் அந்த வரி வெட்டுப்பட்டிருக்கிறது. மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.