38 பவுண்டு கையில வந்தா லாபம் 38ஆ? பெட்டிங் கடை கவுண்டர்ல நின்ன அனுபவம்

தெப்பக்குளம்காரன்:
ஸ்டேக், ரிட்டர்ன், ப்ராபிட்னு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க, அதான் எழுதுறேன். லெஸ்டர்ல படிக்கப் போன காலத்துல வாரத்துக்கு மூணு சாயங்காலம் ஒரு பெட்டிங் கடை கவுண்டர்ல நின்னேன், அங்க அது லைசன்ஸ் வாங்கி கடைத்தெருவுல டீக்கடைக்குப் பக்கத்துலயே நடத்துற கடை, நம்மூர் மாதிரி ஒளிஞ்சு மறைஞ்சு இல்ல. கூடத் தங்கியிருந்தவன் திருமங்கலத்துக்காரன். ஒரு நாள் என் கவுண்டருக்கே வந்து 20 பவுண்டை நீட்டுறான். புட்பால் மேட்ச், ரெண்டு டீமும் சேர்ந்து மூணு கோலுக்கு மேல போடும்னு ஒரே ஒரு பெட். சீட்டுல 9/10னு அச்சாகி வந்துச்சு. அவன் போன்ல பார்த்த இடத்துல அதே பெட்டுக்கு 1.90னு போட்டிருந்தாங்களாம், "என்னடா இங்கிட்டு பாதிக்குப் பாதி குறைச்சுத் தர்றீங்க"ன்னு சண்டைக்கு வந்துட்டான்.

ரெண்டும் ஒண்ணுதான்டானு புரிய வைக்கவே அரை மணி நேரம் ஆச்சு. 9/10னா பத்து கட்டுனா ஒம்பது லாபம், கட்டுன பத்து தனியா திரும்பி வரும். 1.90னா கட்டுன காசையும் சேர்த்து மொத்தமா கைக்கு வர்றது. அவன் கட்டுன 20தான் ஸ்டேக். ஜெயிச்சா 20ஐ 1.90ஆல பெருக்கி 38, அது ரிட்டர்ன். அதுல அவன் சொந்தக் காசு 20 போனா மிச்சம் 18, அதான் ப்ராபிட். அவன் நோட்டுல எப்பவும் 38ஐத்தான் லாபம்னு எழுதுவான். மாசக் கடைசியில நோட்டுல பணம் கொழிக்கும், பையில பஸ்ஸுக்குக் காசு இருக்காது.

ஜிகர்தண்டா 77:
ப்ரோ மார்ஜின் பத்தியும் சொல்லுங்க. என் ப்ரோக்கர் அஞ்சு மடங்கு மார்ஜின் தர்றாரு, 10,000 இருந்தா 50,000க்கு ஷேர் வாங்கலாம், அதுதானே?

தெப்பக்குளம்காரன்:
அது ஷேர் மார்க்கெட் மார்ஜின் தம்பி, கடன் மாதிரி. இங்க மார்ஜின்னா கடைக்காரன் எடுத்துக்கிறது.

மேலூர் மாமா:
எங்க ஊர்ப் பக்கம் கபடி மேட்ச் நடக்கும்போது ரெண்டு பேரு ஆளுக்கு 100 எடுத்து நடுவுல ஒரு பெரியவர் கையில குடுப்பாக. ஜெயிச்சவன் 200ஐ வாங்கிட்டுப் போவான். பாயிண்ட் சமமா முடிஞ்சா அவனவன் 100ஐ அவனவன் வாங்கிக்குவான், பேச்சுக்கே இடமில்ல. பெட்டிங் கடையில புஷ்னு சொல்றது இதானே? அந்தப் பெரியவர் "எனக்கு டீக்காசு"ன்னு பத்து ரூவா உருவுனா அது மார்ஜின். அப்ப 1.90னா கடைக்காரனுக்கு நூத்துக்குப் பத்து, பத்து சதவீதம். சரியா?

தெப்பக்குளம்காரன்:
மாமா, புஷ் கதை நூத்துக்கு நூறு சரி. ஆனா மார்ஜின்ல பாதிதான் சரி. ஒருத்தன் மூணுக்கு மேலன்னு 100 கட்டுறான், இன்னொருத்தன் மூணுக்குக் கீழன்னு 100 கட்டுறான், ரெண்டு பக்கமும் 1.90. பெட்டியில விழுந்தது 200. யாரு ஜெயிச்சாலும் கடை குடுக்குறது 190. மிஞ்சுற பத்து 200ல இருந்து வந்தது, அப்ப 5 சதவீதம்தான். ஆனா ரெண்டு பக்கமும் சமமா பணம் விழுந்தாத்தான் இந்தக் கணக்கு. ஒரே பக்கம் குவிஞ்சு அந்தப் பக்கமே ஜெயிச்சா கடைக்கும் அடிதான், அதுக்காகத்தான் மேட்ச்சுக்கு முன்னாடி ரேட்டை ஏத்தி எறக்கிக்கிட்டே இருப்பாங்க.

விளக்குத்தூண் ஜவுளி:
நான் வேற எங்கயோ 5.26னு படிச்சேனே. 1ஐ 1.90ஆல வகுத்தா 0.5263, ரெண்டு பக்கமும் கூட்டுனா 105.26 வருது, நூத்துக்கு மேல இருக்கிற 5.26தான் கடை பங்குன்னு.

யோசிச்சுப் பார்த்தா எங்க தொழில் கணக்குதான் இது. 190க்கு வாங்குன துண்டை 200க்கு விக்கிறேன். பத்து ரூவாயை 190க்கு வச்சுப் பார்த்தா 5.26, 200க்கு வச்சுப் பார்த்தா 5. எங்க கடையில புதுப்பசங்க எல்லாரும் மொத வாரம் இதுலதான் தடுக்கி விழுவானுங்க. அப்ப ரெண்டு நம்பரும் சரிதான், எதுக்கு மேல வச்சுச் சொல்றான்னு கேக்கணும்.

தெப்பக்குளம்காரன்:
அண்ணே கவுண்டர்ல நின்ன எனக்கே இம்புட்டுத் தெளிவா சொல்ல வரல.

செல்லூர் அக்கா:
இதெல்லாம் என்னத்துக்குப்பா. என் தம்பி ஏதோ ஆப்ல 1,000 போட்டு 1,900 வந்துச்சு வந்துச்சுன்னு வீட்டுல பிரியாணி வாங்கிக் குடுத்தான். அடுத்த வாரம் ரெண்டு தடவை ஆயிரம் ஆயிரமா போச்சு, அதைச் சொல்லவே இல்ல. 900 வந்து 2,000 போச்சு, பிரியாணிக் காசு தனி. எங்கம்மா நகைச் சீட்டைப் பார்த்தப்பதான் தெரிஞ்சுச்சு. இப்ப 2025 சட்டத்துல பணம் வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்தையே தடை பண்ணிட்டாங்க, அதுக்கு முன்னாடியே நம்ம மாநிலத்துல 2022லயே ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் வந்துருச்சு. புகார் குடுக்கலாம்னு போனா நீதான போட்டன்னு கேக்குறாங்க.

தெப்பக்குளம்காரன்:
அக்கா உங்க கணக்கு சரி, வந்த 1,900ல அவன் காசு 1,000 இருக்கு. அதைத்தான் நானும் சொல்ல வர்றேன். நம்மூர்ல யாரையும் போய் கட்டச் சொல்லல.

நம்ம திருமங்கலத்துக்காரன் சீட்டு என்னாச்சுன்னு சொல்லலையே. மேட்ச் 2-1னு முடிஞ்சுச்சு. மொத்தம் சரியா மூணு கோல். பய குதிச்சுக்கிட்டு வந்தான், "மூணு விழுந்துருச்சு, 38 எடு"ன்னு. மூணுக்கு *மேல*ன்னாதான்டா ஜெயிப்பு, நாலு விழணும். ரெண்டே கோல் விழுந்திருந்தா 20ம் போயிருக்கும். சரியா மூணு விழுந்ததால புஷ், மெஷின்ல சீட்டை விட்டா வாய்டுன்னு காட்டுச்சு, நான் 20 பவுண்டை எடுத்து முன்னாடி வச்சேன். லாபமும் இல்ல நட்டமும் இல்ல. அவன் முகத்தைப் பார்க்கணுமே, நான் என்னமோ 18 பவுண்டைத் திருடிக்கிட்ட மாதிரி. அன்னைக்கு நோட்டுல "வரவு 20"ன்னு எழுதி அதையும் லாபத்துல கூட்டிட்டான், அதுதான் உச்சம்.

2.5 கோல்னு ஒரு கோடு போட்டிருந்தா இந்த வம்பே வராது, அரைக் கோல் யாரும் போட முடியாதுல்ல. முழு நம்பர் இருந்தா மட்டும்தான் புஷ்ஷுக்கு வழி.

ஜிகர்தண்டா 77:
அப்ப 1.90ல நஷ்டமில்லாம இருக்க பாதிக்குப் பாதி ஜெயிச்சா போதும்தானே?

விளக்குத்தூண் ஜவுளி:
போதாது தம்பி. பத்து பெட்டு தலா 20, அஞ்சு ஜெயிச்சா 18 வீதம் 90 வரும், அஞ்சு தோத்தா 100 போகும். பத்து பவுண்டு கையை விட்டுப் போச்சு. நூத்துக்கு 53 ஜெயிச்சாத்தான் தலை தண்ணிக்கு மேல.

மேலூர் மாமா:
அந்த நூத்துல புஷ் ஆனதையும் சேர்க்கணுமா, விடணுமா?

தெப்பக்குளம்காரன்:
53க்கு விட்டுரணும், ஜெயிச்சது தோத்தது மட்டும்தான். ஆனா கடைக்கு எம்புட்டு மிஞ்சுதுன்னு பார்க்கும்போது நான் சேர்த்துத்தான் பார்ப்பேன். நூறு சீட்டுல இருபது புஷ் ஆச்சுன்னா அந்த இருபதுல கடைக்குச் சல்லிக்காசு கிடையாது, அப்ப 5 சதவீதம்ங்கிறது 4க்கு எறங்கிடும்.

விளக்குத்தூண் ஜவுளி:
அது எப்படிங்க. திரும்பி வந்த சரக்கை நான் விற்பனையிலயே சேர்க்க மாட்டேன். புஷ்ஷும் அப்படித்தான், வித்த கணக்குல வராது, அப்ப 5தான்.

தெப்பக்குளம்காரன்:
அண்ணே, திரும்பி வந்தாலும் பில்லு போட்டு பை குடுத்தது செலவுதானே?

விளக்குத்தூண் ஜவுளி:
பை காசை எல்லாம் நாங்க யாரும் எழுதுறதில்ல தம்பி. கடையில கூட்டம், ராத்திரி வர்றேன்.